மாசத்துக்கு 2.4 லட்சம்: ஒரு ரிஸ்க் எண்ணும் மயிலாப்பூரின் கெட்ட காலங்களும்

மந்தைவெளியில் இருக்கும் ஒரு நண்பனின் அப்பா போன வருஷம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். அவருடைய முதலீடு எல்லாத்தையும் பட்டியல் போட்டு, அடியில் பெரிய எழுத்தில் ஒரு எண்ணை யாரோ ஒரு ஆலோசகர் அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஒரு மாத ரிஸ்க், 95 சதவீத நம்பகத்தில், 2.4 லட்சம் ரூபாய்.

"அப்போ எவ்வளவு மோசமானாலும் மாசத்துக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல போகாது, அப்படித்தானே?" என்றார்.

"இல்ல மாமா, அதுக்கு அர்த்தம் அது இல்ல" என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பேசியும் அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான், இதற்கான பதில் அவர் வீட்டைச் சுற்றி ரெண்டு கிலோமீட்டருக்குள்ளேயே நூற்றுச் சொச்சம் வருஷமாகக் கிடக்கிறது என்று புரிந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்துப் போடுகிறேன்.

அந்த எண் எப்படி வந்தது

முதலில் மாமாவின் கணக்கு. அவர் அனுமதியோடு, எண்களைக் கொஞ்சம் மாற்றி, கூட்டிப் பார்க்க வசதியாக ஒரு கோடி ரூபாய்க்குக் கொண்டுவந்திருக்கிறேன். பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் 35 லட்சம். கொஞ்சம் கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த கம்பெனிப் பத்திரங்களை வாங்கும் கடன் ஃபண்டில் 20 லட்சம். ஒரு நிதி கம்பெனியில், அதாவது பழைய ஆட்கள் 'பெனிஃபிட் ஃபண்ட்' என்று சொல்வார்களே, அதில் 15 லட்சம். ஒரே ஒரு வங்கியில் எஃப்.டி. 20 லட்சம். பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டிலும் முப்பது வருஷமாக வாங்கிச் சேர்த்த நகை 10 லட்சம்.

மாதச் செலவு 60,000. பென்ஷன் கிடையாது. அடையாறில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஃப்ளாட்டின் வாடகை 20,000, நிதி கம்பெனி வட்டி 12,500, எஃப்.டி. வட்டி 11,500, கடன் ஃபண்டிலிருந்து மாதாமாதம் எடுப்பது 16,000. கூட்டினால் சரியாக 60,000.

இந்த ரிஸ்க் எண்ணை 'வேல்யூ அட் ரிஸ்க்' என்பார்கள். கணக்கு எளிது. பங்கு ஃபண்ட் சாதாரணமாக மாதத்துக்கு 4 சதவீதம் மேலேயோ கீழேயோ ஆடும் என்று வைத்தால், 35 லட்சத்துக்கு 1.40 லட்சம். தங்கமும் அதே 4 சதவீதம் ஆடினால் 0.40 லட்சம். ரெண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் ஆடுகின்றன என்று கொண்டு சேர்க்க வேண்டும். 95 சதவீத எல்லைக்கு 1.65ஆல் பெருக்க வேண்டும்.

```
1.65 × √(1.40² + 0.40²) ≈ 2.4
```

இதன் பொருள்: இருபது மாதத்தில் பத்தொன்பது மாதம் நஷ்டம் 2.4 லட்சத்துக்குள் இருக்கும். மீதி அந்த ஒரு மாதத்தில் எவ்வளவு போகும்? அதைப்பற்றி அந்த எண் வாயே திறக்காது. மூணு லட்சம் போகலாம், முப்பது லட்சமும் போகலாம். ரெண்டுக்கும் அடியில் அதே 2.4தான் அச்சாகும்.

இது புத்தகங்களில் எல்லாரும் சொல்லும் குறை. ஆனால் மேலே உள்ள சூத்திரத்தை இன்னொரு தடவை பாருங்கள். ஒரு கோடியில் 45 லட்சம்தான் அதற்குள் இருக்கிறது. கடன் ஃபண்டின் விலை நாளுக்கு நாள் துளித்துளியாக ஏறுகிறது, அதனால் அதன் ஆட்டம் கிட்டத்தட்டப் பூஜ்யம். நிதி கம்பெனி வைப்புக்கும் எஃப்.டி.க்கும் தினசரி விலை என்று ஒன்றே கிடையாது, அதனால் முழுப் பூஜ்யம். மாமாவின் பணத்தில் 55 லட்சம் கணக்குக்குள்ளேயே வரவில்லை. அடையாறு ஃப்ளாட்டோ தாளிலேயே இல்லை.

அந்த எண் ஆடுவதை மட்டும்தான் அளக்கும். மயிலாப்பூரின் சரித்திரத்தைப் பார்த்தால், பெரிய அடி எல்லாம் ஆடாத இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

1906, ஒரு திங்கட்கிழமை

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மதராஸில் மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் இருந்தன: பாரி, பின்னி, ஆர்பத்நாட். ஆர்பத்நாட் வியாபாரத்தோடு பொதுமக்களிடம் வைப்புத் தொகையும் வாங்கியது. வக்கீல்கள், அரசு உத்தியோகஸ்தர்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். கம்பெனிக்கு நூறு வருஷப் பேர். தலைவர் சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் ஆர்பத்நாட்.

லண்டனில் இவர்களோடு பின்னிப் பிணைந்த இன்னொரு கம்பெனி இருந்தது, பி. மக்ஃபேடியன் அண்ட் கோ. அங்கே ஊக வியாபாரத்தில் பணம் கரைந்துகொண்டிருந்தது. 1906 அக்டோபரில் மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். அக்டோபர் 22, திங்கட்கிழமை, ஆர்பத்நாட் கதவைச் சாத்தியது. அதே காலத்தில் பின்னியும் தடுமாறி, பிறகு இன்ச்கேப் கைக்குப் போனது. அதாவது, 'எல்லாத்தையும் ஒரே இடத்தில் போடக்கூடாது' என்று பாதியை இங்கேயும் பாதியை அங்கேயும் பிரித்து வைத்த புத்திசாலிக்கும் அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும்.

வைப்பாளர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷமே, 1907ல், கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் சேர்ந்து இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான்.

என் கேள்வி வேறு. 1906 செப்டம்பரில் மயிலாப்பூர் வைப்பாளர் ஒருவருக்கு நம்ம ஆலோசகர் இதே தாளைப் போட்டுக் கொடுத்திருந்தால் என்ன எண் வந்திருக்கும்? பாஸ்புக்கில் எழுதிய தொகை எத்தனையோ வருஷமாக ஒரு பைசா குறைந்ததில்லை. வட்டி தவறினதில்லை. கடந்தகால ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ரிஸ்க் பூஜ்யம். நம்பகம் 95 இல்லை, 99.9 சதவீதம் என்று போட்டாலும் பூஜ்யம்தான். கணக்கில் தப்பே இல்லை. எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கணக்கு கேட்கவில்லை, அவ்வளவுதான். 'லண்டனில் ஒருத்தன் விழுந்தால் இங்கே கதவு திறக்குமா?' என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் இன்றைக்கு 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்'.

ஒரே எண் வேணும் என்று கேட்டவர்

இந்த ஒற்றை எண் ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980களின் கடைசியில் ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவராக இருந்தவர் டென்னிஸ் வெதர்ஸ்டோன். வங்கியின் எல்லா மேஜைகளிலும் நடக்கும் வியாபாரத்தின் மொத்த ரிஸ்க்கையும் ஒரே தாளில், தினமும் சந்தை மூடியதும் 4.15 மணிக்குத் தன் மேஜையில் வைக்கச் சொன்னார். அதற்காக உருவானதுதான் இந்தக் கணக்கு. 1994 அக்டோபரில் 'ரிஸ்க்மெட்ரிக்ஸ்' என்ற பெயரில் முறையை வெளியே எல்லாருக்கும் கொடுத்தார்கள். உலகம் முழுக்கப் பரவியது.

வெதர்ஸ்டோன் கேட்டதில் நியாயம் உண்டு. தினமும் வாங்கி விற்கும் ஒரு மேஜை நேற்றைவிட இன்றைக்கு அதிகம் துணிகிறதா என்று பார்க்க அந்த எண் நல்லாவே உதவும். தினமும் விலை போகும் சரக்கு, தினமும் மாறும் எண். பிரச்சினை, அதே எண்ணை 'எவ்வளவு மோசமாக முடியும்' என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டபோது வந்தது. 2007 ஆகஸ்டில் கோல்ட்மன் சாக்ஸின் நிதித் தலைவர் டேவிட் வினியர், வழக்கமான ஆட்டத்தைப் போல 25 மடங்கு அசைவுகளைப் பல நாள் தொடர்ந்து பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கணக்கின்படி பிரபஞ்சத்தின் ஆயுளுக்குள் ஒரு தடவைகூட நடக்கக் கூடாத விஷயம். ஒரே வாரத்தில் பல தடவை நடந்தது என்றால், உலகம் அதிசயமாக நடந்துகொண்டது என்று அர்த்தமில்லை. அளவுகோல் சரியில்லை என்றுதான் அர்த்தம்.

கோடு ஆடவில்லை என்றால்

இப்போது 2020க்கு வருவோம். ஏப்ரல் 23ஆம் தேதி இரவு, ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் தன்னுடைய ஆறு கடன் ஃபண்ட் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய், சுமார் மூன்று லட்சம் முதலீட்டாளர்கள். இந்த நிறுவனத்துக்குச் சென்னையோடு பழைய தொடர்பு உண்டு. 1993ல் சென்னையில் தொடங்கிய, நாட்டின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயனியரின் வழிவந்த வியாபாரத்தை 2002ல் இவர்கள் வாங்கியிருந்தார்கள்.

மூடிய ஆறில் பெரியதன் பெயர் 'அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட்'. பேரைக் கேட்டால் சேமிப்புக் கணக்குக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். அதன் விலைக்கோடு வருஷக்கணக்கில் ஒரு சரிவான நேர்கோடு போல ஏறியது. அந்தக் கோட்டை வைத்து ரிஸ்க் கணக்குப் போட்டால் மிகச் சின்ன எண்தான் வரும்.

ஏன் அவ்வளவு வழவழப்பாக இருந்தது? இந்த ஃபண்டுகளில் இருந்த தரம் குறைந்த கம்பெனிப் பத்திரங்கள் சந்தையில் அபூர்வமாகத்தான் கைமாறும். கைமாறாத பத்திரத்துக்கு விலையை மதிப்பீடு செய்துதான் போடுவார்கள். மதிப்பீடு நாளுக்கு நாள் குதிக்காது. அதனால் கோடு வழவழப்பாக இருந்ததற்கு ஒரு காரணம் அந்தப் பத்திரத்தை வாங்க ஆள் குறைவு என்பதே. விற்க முடியாத குணம், ரிஸ்க் கணக்கில் 'ஆட்டம் குறைவு' என்று நல்ல குணமாகத் தலைகீழாகப் பதிவானது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடிபட்ட மிக முக்கியமான பாடம் இதுதான்.

கொரோனா ஊரடங்கு வந்ததும் பலரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். விற்கக்கூடிய நல்ல பத்திரங்கள் முதலில் போயின. பிறகு வங்கிகளிடம் கடன் வாங்கிப் பணம் கொடுத்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை, கதவு சாத்தப்பட்டது. நீதிமன்றம், வாக்கெடுப்பு எல்லாம் தாண்டி முதல் தவணை வந்தது 2021 பிப்ரவரியில், கிட்டத்தட்ட பத்து மாதம் கழித்து. பத்திரங்களிலிருந்து வசூலான பணத்தில் வங்கிக் கடன் முதலில் அடைந்தது, அதற்குப் பிறகுதான் முதலீட்டாளர். கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் மூடிய நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே பணம் திரும்பி வந்தது. ஆனால் மாதாமாதம் 16,000 எடுத்துக் குடித்தனம் நடத்துகிறவருக்கு, பத்து மாதம் என்பது பத்து மாதம்தான்.

ஒழுங்குமுறை அமைப்பான செபி இதற்குப் பிறகு, அன்றாடம் முதிரும் ஓவர்நைட் திட்டங்கள் தவிர, திறந்தநிலைக் கடன் ஃபண்டுகள் எல்லாமே ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. வட்டி ஏறினால், பத்திரம் கொடுத்த கம்பெனி தவறினால், ஒரே நேரத்தில் பணம் கேட்டு வந்தால் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து ஸ்மால் கேப், மிட் கேப் பங்கு ஃபண்டுகள் தங்கள் முதலீட்டில் கால்வாசியையும் பாதியையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிடுகின்றன. கவனித்தீர்களா, இங்கே அளவு ரூபாயில் இல்லை, நாளில்.

மாமாவின் தாளில் மூன்று பத்திகள்

அடுத்த தடவை போனபோது, அதே தாளின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டோம். ஒவ்வொரு கெட்ட காலத்துக்கும் ரெண்டு கேள்வி: எவ்வளவு குறையும்? எத்தனை மாதம் கைக்கு வராது? ரெண்டாவது கேள்வியைத்தான் அந்த 2.4 கேட்கவே இல்லை.

முதல் பத்தி, நடந்த கதை: 2008. அந்த அக்டோபர் ஒரே மாதத்தில் சென்செக்ஸ் 24 சதவீதம் விழுந்தது. 35 லட்சத்தில் 8.4 லட்சம். அச்சடித்த எண்ணைப் போல மூணரை மடங்கு, அதே ஒரு மாதக் கணக்கில். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200க்குப் பக்கத்தில் வந்தது. அந்தச் சரிவு முழுசும் வந்தால் 60 சதவீதம், அதாவது 21 லட்சம். தங்கம் அப்போது ரூபாயில் ஏறியது, ஆனால் நகையை விற்கும்போது கூலியும் சேதாரமும் திரும்ப வராது என்பதால் ஏற்றத்தைச் சேர்க்கவில்லை.

எழுதி முடித்ததும் மாமா முகம் வாடிவிட்டது. "இருங்க மாமா, ரெண்டாவது கேள்வியைப் பாருங்க" என்றேன். மாதம் 60,000 எங்கிருந்து வருகிறது? வாடகை, வட்டி, கடன் ஃபண்ட். பங்கிலிருந்து ஒரு ரூபாய்கூட இல்லை. பார்க்க மிகக் கொடூரமான இந்தப் பத்தியில், அவர் வீட்டுச் செலவு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பயந்து விற்காமல் இருந்தால் போதும்.

ரெண்டாவது பத்தி, நடந்த ரெண்டு கதைகளைச் சேர்த்தது. 2020ல் கடன் ஃபண்ட் மூடியது போல மாமாவின் ஃபண்டும் பத்து மாதம் மூடுகிறது. கூடவே நிதி கம்பெனியும் வட்டியை நிறுத்துகிறது. இது கற்பனை இல்லை. 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் முதிர்ந்த வைப்பைத் திருப்பித் தரவில்லை என்று வைப்பாளர்கள் புகார் கொடுத்து, 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவு அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. மாமா போட்டிருப்பது வேறு கம்பெனி. ஆனாலும் 150 வருஷப் பேர் என்பது ஒரு பாதுகாப்பு இல்லை என்று 1906க்குப் பிறகு இந்த வட்டாரம் மறுபடி கற்றுக்கொண்டது. இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: வங்கி வைப்புக்கு ஒரு நபருக்கு, ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. நிதி கம்பெனி வைப்புக்கு அது கிடையாது.

கணக்குப் போட்டோம். 16,000மும் 12,500ம் நின்றால் மாதம் 28,500 துண்டு விழுகிறது. கையில் வருவது 31,500. பத்து மாதத்துக்கு 2.85 லட்சம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். கேட்க அவ்வளவு பெரிய தொகை இல்லை. ஆனால் 2020ன் வரிசையை அப்படியே வைத்துப் பாருங்கள். பங்குச்சந்தை ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் 38 சதவீதம் கீழே. அந்த நேரத்தில் பங்கு ஃபண்டை விற்றால் நஷ்டம் நிரந்தரமாகிவிடும். அப்போ மிச்சம் எஃப்.டி.யும் நகையும்.

"எஃப்.டி.யை உடைச்சுக்கலாமே" என்றார். உடைக்கலாம், வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள். அந்த ஒரு வங்கியும் சேர்ந்து நின்றால்? கரூரில் 1926ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், வைப்பாளர் யாருக்கும் நஷ்டமில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் பூஜ்யமானது. ஆனால் அந்தப் பத்து நாளில் யாருக்காவது அவசரமாகப் பணம் தேவைப்பட்டிருந்தால்?

மூன்றாவது பத்தி, முழுக்க நாமே கட்டிய கதை, ஆனால் ஊரிலிருந்து எடுத்தது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு ஆறு கரை மீறியதை நாம் யாரும் மறக்கவில்லை. அதே மாதிரி வெள்ளம் வந்து மாமாவின் தரைத்தள ஃப்ளாட்டில் தண்ணீர் புகுந்தால்? குடியிருப்பவர் காலி செய்கிறார், ஆறு மாதம் வாடகை இல்லை. ரிப்பேருக்கு 4 லட்சம் என்று வைத்தோம். இங்கேயே நிறுத்தினால் இது வீட்டுப் பிரச்சினை மட்டும்தான். ஆனால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அது தொடும் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். நிதி கம்பெனி யாருக்குக் கடன் கொடுக்கிறது? இதே வட்டாரத்து ஆட்களுக்கு, நகை மேலும் வீட்டு மேலும். அதே வெள்ளம் அவர்களையும் அடிக்கும், தவணை தாமதமாகும், மாமாவுக்கு வட்டியும் தாமதமாகும். அப்போ மாதம் 32,500 நிற்கிறது. ஆறு மாதத்துக்கு 1.95 லட்சம், ரிப்பேரோடு 5.95 லட்சம்.

ஃப்ளாட்டும் நிதி வைப்பும் தாளில் ரெண்டு தனித்தனி விஷயம். ரெண்டும் ஒரே ஆற்றங்கரையில் நிற்கின்றன என்று எந்தச் சூத்திரமும் சொல்லியிருக்காது. பழைய விலைகளில் அது இல்லை. ஊரைத் தெரிந்தவர்தான் அந்தக் கோட்டைப் போட முடியும்.

தலைகீழாகக் கேட்பது

மூன்று பத்தி எழுதியதும் மாமா நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "கெட்ட காலம்னு நீ நினைச்சதைத்தானே எழுதுற? நினைக்காதது வந்தா?"

இதுதான் இந்த முறையின் உண்மையான பலவீனம். கதையை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். கடைசியாகப் பட்ட அடியைத்தான் மனசு திரும்பத் திரும்ப எழுதும். 2008க்குப் பிறகு எல்லாரும் 2008க்குத் தயாரானார்கள், வந்ததோ ஊரடங்கு. இன்னொரு சிக்கல், ஒவ்வொரு கதைக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று இதில் சொல்ல முடியாது. அந்த விஷயத்தில் 2.4 கொஞ்சம் நேர்மையானது, தன் எல்லை 95 என்று சொல்லிவிடுகிறது. மூன்றாவது, கணக்குக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். ஃபண்டுகள் வெளியிடும் 'விற்க இத்தனை நாள்' என்ற கணக்கு, சந்தையில் நடக்கும் வியாபார அளவை வைத்துப் போடுவது. எல்லா ஃபண்டும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் அந்த நாள் கணக்கு நிற்காது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டின் விடையும் ஒரே எண்ணாகச் சுருங்கிவிட்டால் பழைய கதைதான்.

இதற்கு முழு மருந்து இல்லை. ஒரு பாதி மருந்து உண்டு: முடிவிலிருந்து பின்னால் வருவது. 'என்ன நடந்தால் என்ன ஆகும்' என்று கேட்காமல், 'மாதம் 60,000 வராமல் ஆறு மாதம் போக வேண்டுமானால் எதெல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும்' என்று கேட்பது. காரணம் வெள்ளமா, நோயா, லண்டன் கம்பெனியா என்று தெரிய வேண்டியதில்லை. எந்தெந்தக் கதவு சேர்ந்து சாத்தினால் வீடு நிற்கும் என்று தெரிந்தால் போதும்.

மாமாவின் தாளில் பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. கடன் ஃபண்ட், நிதி கம்பெனி, அந்த ஒரு வங்கி. மூணு கதவு. மூணும் சேர்ந்து சாத்தினால் மிச்சம் வாடகை 20,000 மட்டும், விற்க இருப்பது விழுந்த பங்கும் நகையும். அந்த மூணுமே 2.4 லட்சக் கணக்கில் பூஜ்யம் என்று பதிவானவை.

அவர் பெரிசாக எதையும் மாற்றவில்லை. எஃப்.டி. முதிரும்போது ரெண்டு வங்கியாகப் பிரித்தார். நிதி கம்பெனி வைப்பில் ஒன்று முடிந்ததும் புதுப்பிக்காமல் ஆறு மாதச் செலவான 3.6 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியாக ஒதுக்கினார். வட்டி கொஞ்சம் குறைந்தது, அதைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறார். பங்கு ஃபண்டைத் தொடவே இல்லை. ஆலோசகரின் புதுத் தாள் போன மாதம் வந்ததாம். அடியில் இருந்த எண் மாறவே இல்லை, அதே 2.4 லட்சம்.

"நான் இவ்வளவு பண்ணியும் அது கண்டுக்கவே இல்லையே" என்று சிரித்தார். கண்டுக்காதுதான். அவர் சரிசெய்தது எல்லாமே அந்த எண்ணுக்குத் தெரியாத இடத்தில்.